வெண்பன்றிப் பண்ணையில் ஆண் பன்றி: தேர்வு, விந்து, வேலை, கால், தீனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு மாத ஆண் குட்டி ஒன்று வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் நடக்க விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அறைக்குள் படுத்திருக்கும் குட்டியைக் காட்டி, எடையைச் சொல்லி, விலை பேசிவிடுவார்கள். வெளியே கொண்டுவந்து கெட்டியான தரையில் இருபது முப்பது அடி நடக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்னங்கால் லேசாக வளைந்து, அடியெடுத்து வைக்கும்போது ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் அமுங்கி எழ வேண்டும். தூண் போல நேராக நிற்கும் பின்னங்கால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அதில் அதிர்ச்சியைத் தாங்க இடமில்லை. இருநூறு கிலோ உடம்பு இரண்டு பின்னங்கால்களில் எழும்போது மூட்டுதான் அடி வாங்கும்.

பிறகு குளம்பு. ஒவ்வொரு காலிலும் முன்னால் உள்ள இரண்டு விரல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். உள்விரல் சிறுத்து வெளிவிரல் மட்டும் பெரிதாக இருந்தால், எடை முழுவதும் பெரிய விரலில் இறங்கி அதில் வெடிப்பு வரும். இந்த அமைப்பு குட்டிகளுக்கும் போகும்.

விரைகள் இரண்டும் வெளியே இறங்கி, அளவில் ஒன்றுக்கொன்று ஒத்து, அழுத்தினால் இறுகலாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியது, குடலிறக்க வீக்கம் உள்ளது இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டுமே பரம்பரையாக வரக்கூடியவை. ஆண் பன்றிக்கு முலைக்காம்பு எதற்கு என்று பலர் எண்ணுவதில்லை. பக்கத்துக்கு ஆறு, ஏழு காம்புகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, உள்ளே மடங்கியது ஏதும் உண்டா என்று பாருங்கள். அவன் மகள்களைப் பெண் பன்றிகளாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது அவர்கள் பால் கொடுக்கும் காம்பு.

வாங்கிய குட்டியை நேராகக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். தனி இடத்தில், தனி ஆள் அல்லது குறைந்தது தனி செருப்போடு, முப்பது நாளாவது வைத்திருங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020 முதல் இந்தியாவில் இருக்கிறது. அதற்கு இங்கே தடுப்பூசி போடும் வழக்கம் இல்லை. புருசெல்லா, லெப்டோஸ்பைரா பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க இந்த இடைவெளிதான் நேரம். இரண்டுமே கருச்சிதைவை உண்டாக்குபவை. ஒரு நோயுள்ள ஆண் கொட்டில் முழுவதற்கும் அதைக் கொண்டுபோகும்.

எங்கள் பண்ணையில் பிறந்த குட்டியே நன்றாக வளர்ந்திருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அது சேரப்போவது தன் தாயோடும் சகோதரிகளோடும். குட்டி எண்ணிக்கை குறைவதும், பிறக்கும்போதே பலவீனமாக இருப்பதும் முதல் ஈத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். அதே காரணத்துக்காக வெளியிலிருந்து வாங்கிய ஆணையும் அவன் மகள்கள் பருவத்துக்கு வரும் முன், அதாவது வேலை ஆரம்பித்து ஏறக்குறைய பத்து மாதத்துக்குள், மாற்றிவிடுவது சிறு பண்ணைக்குப் பாதுகாப்பு.

ஆறு மாதத்திலேயே ஏற ஆரம்பித்துவிட்டது. விட்டுவிடலாமா?

ஏறுவதும் சினைப்பிடிக்க வைப்பதும் ஒன்றல்ல. ஐந்து, ஆறு மாதத்தில் விந்து வர ஆரம்பிக்கும். ஆனால் அதில் முதிராத அணுக்கள் அதிகம். எட்டு மாதம், 120 கிலோ அளவை எட்டிய பிறகு ஆரம்பியுங்கள். முதல் தடவைக்கு நன்றாகப் பருவத்தில் நிற்கும், ஒரு முறையாவது ஈன்ற, அமைதியான பெண்ணைக் கொடுங்கள். முரட்டுப் பெண் கடித்துத் தள்ளினால் சில இளம் ஆண்கள் வாரக்கணக்கில் கிட்டேயே போகாது.

பெண்ணை ஆணின் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் அறைக்கு அல்ல. புது இடத்தில் ஆண் முதல் கால் மணி நேரத்தை மோந்து பார்ப்பதிலேயே கழித்துவிடும். ஆண் படுத்திருக்கும் அறை 8 க்கு 10 அடி இருந்தால் போதும். அதற்குள்ளேயே சேர்ப்பதானால் 10 க்கு 10 அடியாவது தேவை, தரை வழுக்கக் கூடாது.

இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும் என்கிறார்கள். எங்களிடம் பதினெட்டுதான். ஆனாலும் பாதி திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறதே?

கணக்கு வருடத்துக்குச் சரி, வாரத்துக்குத் தவறு. போட்டுப் பாருங்கள். பதினெட்டுப் பெண், வருடத்துக்கு இரண்டு ஈத்து என்றால் 36 ஈத்து. நூற்றுக்கு எண்பது சினைப்பிடித்தால் 45 பருவங்களில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 90. வாரத்துக்கு இரண்டுகூட ஆகவில்லை. எந்த ஆணுக்கும் இது லேசான வேலை.

ஆனால் வேலை அப்படிச் சீராக வருவதில்லை. குட்டி வாங்க வியாபாரி வருகிறார் என்று ஆறு தாய்களின் குட்டிகளை ஒரே நாளில் பிரிப்பீர்கள். பிரித்த நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஆறும் பருவத்துக்கு வரும். ஆளுக்கு இரண்டு முறை, அதுவும் மூன்று நாளைக்குள் என்றால் பன்னிரண்டு. முதல் நான்கைந்து முறைக்கு விந்து நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு சேமிப்பு தீர்ந்து, முதிராத அணுக்களும் வெறும் திரவமுமாக வரும். ஆண் ஏறியது, நேரமும் எடுத்துக்கொண்டது, நீங்கள் பார்த்தீர்கள். ஆனாலும் கடைசி மூன்று பெண்கள் இருபத்தோராம் நாள் திரும்பிவிடும். பதிவேட்டில் எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்று எழுதியிருந்தால் இது கண்ணுக்குத் தெரியும். எழுதாதவர்களுக்கு “அந்த மூன்றும் சினைப்பிடிக்காத ஜாதி” என்று தோன்றும், பாவம், கறிக்குப் போய்விடும்.

எட்டு முதல் பன்னிரண்டு மாத ஆணுக்கு வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு வயதைத் தாண்டியதற்கு ஒரு நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு ஐந்து. நெருக்கடியில் ஒரு நாள் இரண்டு முறை விட்டால் மறுநாள் ஓய்வு. குட்டி பிரிப்பதை இரண்டு இரண்டு தாயாக, ஒரு வார இடைவெளியில் வைத்தால் ஓர் ஆணே போதும். வியாபாரிக்காக மொத்தமாகத்தான் பிரிக்க வேண்டும் என்றால் இரண்டாவது ஆண், இல்லையேல் பாதிப் பெண்களுக்குச் சினை ஊசி.

ஏப்ரல், மே வெயிலில் எல்லாம் நன்றாகத்தான் சேர்ந்தது. ஜூன் முடியும்போது ஒவ்வொன்றாகத் திரும்புகிறது. மழை வந்து குளிர்ந்த பிறகு ஏன்?

இன்று வரும் விந்து இன்று உண்டானது அல்ல. விரைக்குள் ஓர் அணு உருவாகி முடிய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். பிறகு வெளிக்குழாயில் முதிர்ந்து தயாராகப் பத்து நாள். ஆக, ஏறக்குறைய ஏழு வாரம். வெயில் சுட்டது உருவாகிக்கொண்டிருந்த அணுக்களை. அவை வெளியே வரும்போது வெயில் போயிருக்கும்.

ஒரு பண்ணையின் நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். மே 1 முதல் 10 வரை கடும் வெயில், தகரக் கூரை, ஆண் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அந்தப் பத்து நாளில் சேர்த்தவை பெரும்பாலும் சினைப்பிடித்திருக்கும், ஏனென்றால் அது ஏப்ரலில் முடிந்த விந்து. மே 20 வாக்கில் தரம் விழ ஆரம்பிக்கும். மே கடைசி, ஜூன் முதல் வாரம் அடிமட்டம். ஜூன் 1 இல் சேர்த்தது ஜூன் 22 இல் திரும்பும். திரும்பாமல் சினையாக நின்றதும் 114 நாள் கழித்து, செப்டம்பர் 23 வாக்கில், பத்துக்குப் பதில் ஆறு குட்டி போடும். செப்டம்பரில் நின்றுகொண்டு மே மாத வெயிலை யாரும் நினைப்பதில்லை, தீவனத்தைத் திட்டுவார்கள். ஜூன் கடைசிக்கு மேல் ஆண் தானாகவே சரியாகிவிடும். நடுவில் போட்ட டானிக்குக்குப் பெயர் கிடைக்கும்.

காய்ச்சலும் இதே வேலையைச் செய்யும். கோமாரியோ, அடிபட்டுச் சீழ் பிடித்த காய்ச்சலோ, 40 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று நாள் இருந்தால் அந்தத் தேதியைச் சுவரில் எழுதி, அதிலிருந்து ஏழு வாரத்துக்கு அந்த ஆணை நம்பாதீர்கள்.

பன்றிக்கு வியர்த்துத் தணிய வழியில்லை. தோல் நனைந்து, அது காய்ந்தால்தான் குளிரும். அதனால் சும்மா ஈரமாக்குவது பாதி வேலை. பகல் 11 முதல் 4 வரை அரை மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் தண்ணீர் தெளித்து, மேலே மின்விசிறியை ஓட விடுங்கள். காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அறைக்குள் புழுக்கம்தான் ஏறும். தகரக் கூரைக்கு மேல் தென்னை ஓலை பரப்புவது செலவில்லாத உதவி. சேர்ப்பது காலை ஆறு மணிக்கும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும்.

பண்ணையிலேயே விந்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

கண்ணால் பாதி பார்க்கலாம், மீதிக்கு நுண்ணோக்கி வேண்டும்.

பெண் பன்றிக்குப் பதிலாக வைக்கும் பொம்மையில் ஏறப் பழகிய ஆண் என்றால் கையால் பிடித்து எடுக்கலாம். ரப்பர் கையுறை ஆகாது, லேட்டெக்ஸ் அணுக்களைக் கொல்லும். வினைல் கையுறை போடுங்கள். முன்தோல் உறையில் தேங்கிய சிறுநீரை முதலில் பிழிந்து வெளியேற்றித் துடைக்க வேண்டும். 37 டிகிரியில் சூடாக வைத்த ஃபிளாஸ்க், அதன் வாயில் வடிதுணி. முதலில் கண்ணாடி போலத் தெளிந்து வருவதைத் தரையில் விடுங்கள், அதில் அணு இல்லை, கிருமிதான் அதிகம். அடுத்துப் பால் போல் கெட்டியாக வருவதுதான் சரக்கு. பிறகு மோர்த்தண்ணீர் போல மெலியும். கூடவே ஊறிய ஜவ்வரிசி மாதிரிக் கட்டிகள் வரும். வடிதுணியில் அவை நிற்கட்டும், உள்ளே விழுந்தால் எல்லாம் திரிந்துவிடும். முழுவதும் முடிய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். பிடியை நடுவில் தளர்த்தினால் நின்றுவிடும்.

இளஞ்சிவப்பு நிறம் ரத்தம். உறுப்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், ஆறும்வரை ஓய்வு. மஞ்சளும் மூத்திர வாடையும் இருந்தால் கொட்டிவிடுங்கள். சீழ் திரிதிரியாக இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய ஆண் அது.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது கண்ணாடித் தகட்டையும் 37 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த தகட்டில் நல்ல விந்தும் செத்ததுபோல் கிடக்கும். இப்படிப் பார்த்து நல்ல ஆணை விற்றவர்கள் உண்டு. நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் முன்னோக்கி ஓட வேண்டும். வால் சுருண்டது, தலை சிதைந்தது, கழுத்தருகே துளி ஒட்டியது எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. அந்தத் துளிதான் முக்கியமான சாட்சி. முதிரும் முன்பே வெளியே இழுக்கப்பட்ட அணுவில் அது நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்து துளி மட்டும் அதிகம் என்றால் வேலை கூடிவிட்டது என்று பொருள். பத்து நாள் ஓய்வு கொடுத்து மறுபடி பாருங்கள்.

ஒருமுறை எடுத்ததில் எத்தனை டோஸ்? வடித்த பிறகு 200 மில்லி, மில்லிக்கு 25 கோடி அணு என்றால் மொத்தம் 5,000 கோடி. எண்பது சதம் ஓடுகிறது, 4,000 கோடி. ஒரு டோஸுக்கு 300 கோடி வேண்டும். ஆக 13 டோஸ். நேராகச் சேர்த்தால் இத்தனையும் ஒரே பெண்ணுக்குள் போகிறது.

எடுத்த விந்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒன்றுகூடச் சினைப்பிடிக்கவில்லை.

பன்றி விந்து குளிரைத் தாங்காது. 15 டிகிரிக்குக் கீழே போனாலே அணுக்களின் உறை உடைந்துவிடும், ஃபிரிட்ஜ் 4 டிகிரி. விந்தை நீர்த்துக் கெடாமல் வைக்கவென்று உள்ள நீர்ப்பான் திரவத்தில் கலந்து 17 டிகிரியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சாதாரண நீர்ப்பானில் மூன்று நாளைக்குள் பயன்படுத்திவிடுங்கள். மாட்டுக்கு உறைவிந்து ஊசி போட்டுப் பழகியவர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும்.

ஏறுகிறது, பாதியில் இறங்கிவிடுகிறது. ஆசை குறைந்துவிட்டதா?

ஆசை இல்லாத ஆண் ஏறவே ஏறாது. ஏறி இறங்குவது வலி. பின்னங்கால் குளம்பைப் பாருங்கள்.

படுத்திருக்கும்போது வயிற்றைச் சொறிந்து கொடுத்தால் பெரும்பாலானவை காலை நீட்டிக் கொடுக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெளிவிரலின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு ஓடுகிறதா, குதிப்பஞ்சும் கடினக் குளம்பும் சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் காலை வெடுக்கென்று இழுக்கும் இடம்தான் இடம். எதுவும் தெரியாமல், எழும்போது மட்டும் நாய் மாதிரி உட்கார்ந்து எழுந்தால் அது குளம்பல்ல, மூட்டு அல்லது இடுப்பு.

காரணம் பெரும்பாலும் தரை. புது சிமெண்ட் தரையின் சுண்ணாம்புக் காரம் குதியை அரிக்கும். நன்றாகக் கழுவிக் கழுவி விட்டு, சில வாரம் கழித்துத்தான் விட வேண்டும். ஜல்லி பல்லிளிக்கும் தரை குளம்பைத் தேய்க்கும். எப்போதும் சாணமும் மூத்திரமும் தேங்கும் தரையில் குளம்பு ஊறி, ஊறவைத்த சோப்பு மாதிரி மென்மையாகிவிடும். அதன் பிறகு சின்னக் கல்லும் போதும். வெயிலுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னோமே, அது ஓடி வடிய வாட்டம் இல்லையென்றால் விந்தைக் காப்பாற்றிக் காலைக் கெடுத்ததாகும். இருபது அடிக்கு ஓர் அடி இறக்கம் வையுங்கள். படுக்கும் மூலையில் உலர்ந்த வைக்கோல்.

வெடிப்புக்கு, கழுவிய காலை லிட்டருக்கு 50 கிராம் மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வைக்கலாம், வாரம் இரண்டு முறை. சாணத்தோடு நிறுத்தினால் பயனில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். தீவனத்தில் பயோட்டினும் துத்தநாகமும் சேர்ப்பது நல்லது, ஆனால் குளம்பு மேலிருந்து மெல்ல வளர்ந்து இறங்கும் பொருள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். வீக்கமும் சூடும் மேலே ஏறிவிட்டால் சீழ் உள்ளே இருக்கிறது, அது மருத்துவர் கையாள வேண்டியது.

எங்களிடம் ஓட்டல் கழிவுதான் தீனி. ஆணுக்கும் அதையே போடலாமா?

கறிக்கு வளர்ப்பதற்கு எடை வேண்டும், ஆணுக்கு எடை வேண்டாம். இதுதான் சிக்கல். ஓட்டல் கழிவில் சோறும் எண்ணெயும் அதிகம், புரதமும் தாதுவும் குறைவு. கொடுத்ததைத் தின்று ஆண் 300 கிலோவை நோக்கிப் போகும். அந்த எடையில் இளம் பெண்களின் மேல் ஏறினால் அவற்றின் இடுப்பு ஒடியும், இறங்கினால் இவன் குளம்பு வெடிக்கும்.

கழிவு தவிர வழியில்லை என்றால் ஆணுக்கு அதில் பாதியைக் குறைத்து, ஒரு கிலோ அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் கொடுங்கள். கழிவைக் கொதி வந்த பின் அரை மணி நேரம் கிளறிக் கொதிக்க விட வேண்டும். பன்றி இறைச்சித் துண்டு கலந்தது எதுவும் வேண்டாம்; பன்றிக் காய்ச்சல் கிருமிகள் அந்த வழியிலும் பண்ணைக்குள் வருகின்றன. ஊறுகாய், கருவாடு, சாம்பார் என உப்பு ஏறிய கழிவைப் போட்டுவிட்டுத் தண்ணீர் இல்லாமல் விட்டால் உப்பு நஞ்சாகி வலிப்பு வரும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், வெயிலில் நாளைக்கு இருபது லிட்டர் வரை குடிக்கும்.

தீவனமே கலந்து கொடுப்பதென்றால் எவ்வளவு?

வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ, இரண்டு வேளையாக. நூறு கிலோ கலக்க மக்காச்சோளம் 53, கோதுமைத் தவிடு 32, சோயாப் புண்ணாக்கு 12, தாது உப்புக் கலவை இரண்டரை, சாதா உப்பு அரை கிலோ. புரதம் பதினைந்து சதம் வரும். கூடவே ஒரு கூடை அகத்தியோ வேலிமசாலோ போட்டால் வயிறு நிறைந்த திருப்தியில் அமைதியாக இருக்கும்.

அளவை உடம்பு சொல்லும். முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தட்டுப்படவே இல்லையா, கால் கிலோ குறையுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் கால் கிலோ கூட்டுங்கள். மெலிந்த ஆணுக்கு முதலில் போவது ஆசை, பிறகுதான் விந்து.

பூசணம் பிடித்த மக்காச்சோளம் ஆணுக்கு ஆகவே ஆகாது. அதில் உண்டாகும் ஒரு நஞ்சு பெண் ஹார்மோன் போல வேலை செய்து ஆசையையும் விரையையும் சுருக்கும். இதை முதலில் காட்டிக்கொடுப்பது ஆண் அல்ல, அதே மூட்டையைத் தின்னும் இளம் பெண் குட்டிகள். பருவ வயதே வராமல் அவற்றின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தால் மூட்டையை மாற்றுங்கள்.

இரண்டு மாதம் வேலையே இல்லாமல் இருந்தது. இப்போது அப்படியே சேர்க்கலாமா?

தேங்கிய விந்தில் செத்த அணுவே அதிகம். ஒரு முறை பொம்மையில் எடுத்துக் கொட்டிவிடுங்கள். பொம்மை பழகவில்லையென்றால், பருவத்தில் நிற்கும் பெண்ணுக்கு முதல் சேர்க்கையை நம்பாமல் மறுநாள் கட்டாயம் இரண்டாவதும் விடுங்கள். இனிமேல் இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா விடாதீர்கள்.

எப்போது கழிப்பது?

பதிவேட்டில் தொடர்ந்து பத்துப் பெண்களைப் பாருங்கள். அதில் நான்குக்கு மேல் திரும்பியிருந்து, வெயில், காய்ச்சல், வேலைப்பளு மூன்றும் காரணமில்லை என்று தெரிந்து, ஏழு வார ஓய்வுக்குப் பிறகும் அதே கதை என்றால் கழித்துவிடலாம். ஆளைப் பார்த்ததும் பாய்கிற ஆணுக்கு ஏழு வாரமும் தேவையில்லை. அதன் கோரைப்பல் ஒரு நொடியில் தொடையைக் கிழிக்கும். எந்த ஆணுடனும், கையில் மறித்துப் பிடிக்கப் பலகை இல்லாமல் அறைக்குள் நுழையாதீர்கள், கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் அதை நிற்க விடாதீர்கள்.